நோட்டில் இருந்த கையெழுத்து: ஒரு சிறுகதை பதின்மூன்றரை நிமிடக் குறும்படமான விதம்

பின்னணி

காவிரிக் கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த நான்கு பேர் கொண்ட குழு, சிற்றிதழில் வெளிவந்த ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுத்தது. கதை ஏறத்தாழ 3,100 சொற்கள். எழுத்தாளர் உயிரோடு இருப்பவர். இயக்குநருக்கு இது இரண்டாவது படம். படத்தொகுப்பாளர் மட்டுமே தொழில்முறையில் வேலை செய்பவர். குழு, எழுத்தாளர், நடிகர்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

கதை தன்மை ஒருமையில், மகன் சொல்வதாக நகர்கிறது. மளிகைக்கடை வைத்திருந்த அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. மகன் கடையின் பாக்கி நோட்டை எடுத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறான். மூன்று பேரிடம் வசூலிக்கிறான். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு தையல்காரரின் பெயர் இருக்கிறது. அதன் கீழே மாதம் 50 ரூபாய் வீதம் பதினோரு வருடத்துக்கு 132 பதிவுகள், கூட்டினால் 6,600 ரூபாய். மகன் தையல் கடைக்குப் போய்க் கேட்கிறான். தையல்காரர் நோட்டைப் பார்க்கிறார், மறுப்புச் சொல்லாமல் உள்ளே போய் 2,000 ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறார், மீதியை மாதக் கடைசியில் தருவதாகச் சொல்கிறார். அன்று இரவு அம்மா உண்மையைச் சொல்கிறாள். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தையல்காரரிடம் 8,000 ரூபாய் வாங்கியவர் அப்பா. நோட்டில் இருப்பது அப்பா திருப்பிக் கொடுத்த தவணைகள். இன்னும் 1,400 ரூபாய் இவர்கள்தான் தர வேண்டும். கடைசி இரண்டு பக்கங்கள் மகனின் மனவோட்டம்.

படமாக்கும் உரிமையை எழுத்தாளரிடம் எழுத்தில் வாங்கினார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு விழாக்களுக்கும் இணையத்துக்கும் படத்தை அனுப்ப நினைத்ததால், எல்லையைத் தெளிவாக எழுதச் சொன்னது படத்தொகுப்பாளர். படம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது, கடைசிப் பத்தியை மாற்றினால் தனக்குக் காட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை எழுத்தாளர் சேர்த்தார். இரண்டாவது நிபந்தனை பின்னால் பெரிய பேச்சுக்கு இடம் கொடுத்தது.

முதல் திரைக்கதையும் அதில் தெரிந்ததும்

முதல் திரைக்கதை கதைக்கு மிக விசுவாசமாக இருந்தது. 24 பக்கம், 31 காட்சிகள். அவற்றில் ஒன்பது பின்னோக்கு. வாய்ஸ் ஓவர் மட்டும் 620 சொற்கள். கதையின் நல்ல வரிகள் எல்லாம் அதில் இருந்தன. எழுத்தாளரே படித்துவிட்டு மகிழ்ந்தார்.

படப்பிடிப்புக்கு முன் படத்தொகுப்பாளர் ஒரு சோதனை செய்தார். இடங்களைக் கைபேசியில் படமெடுத்து, அந்தப் படங்களை டைம்லைனில் வரிசையாக வைத்து, வசனத்தையும் வாய்ஸ் ஓவரையும் கைபேசியிலேயே பேசிப் பதிந்து மேலே போட்டார். 620 சொற்களை நிதானமாக வாசிக்க 6 நிமிடம் 50 வினாடி ஆனது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 90 சொல். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் வாசிப்பு வேகத்தை வைத்துக் குழு நாலரை நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தது. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளம். சொல் எண்ணிக்கையை நம்பாமல் சத்தமாக வாசித்து நேரம் பார்ப்பதே சரி. மொத்த நீளம் 26 நிமிடத்தைத் தொட்டது. ஒப்பந்தப்படியே ஆறு நிமிடம் அதிகம்.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. கதை படிக்காத ஐந்து பேருக்கு இதைப் போட்டுக் காட்டியபோது, மூன்று பேர் தையல்காரர் பணம் கொடுக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டார்கள். காரணம் இரண்டாம் நிமிடத்தில் வந்த ஒரு வரி: கடன் வாங்கினால் அப்பாவுக்குத் தூக்கம் வராது என்பது. கதையில் இந்த வரி அப்பாவைப் பற்றிய ஒன்றரைப் பக்க நினைவுகளுக்கு நடுவில் கிடக்கிறது. வாசகர் அதைக் கடந்து போய்விடுவார், பிறகு ஞாபகம் வரும்போதுதான் வலிக்கும். படத்தில் அதே வரியைக் குரல் சொல்கிறது. படம் பார்ப்பவர், ஒரு குரல் மெனக்கெட்டுச் சொன்னால் அது தேவைப்படும் செய்தி என்று எடுத்து வைத்துக்கொள்கிறார். எழுத்தில் ஒளித்து வைக்க முடிந்ததை வாய்ஸ் ஓவரில் ஒளித்து வைக்க முடியாது.

நோட்டு என்ற உண்மையான சிக்கல்

அந்த வரியை நீக்குவது சுலபம். நீக்கிய பிறகும் ஒரு கேள்வி நின்றது. கதையில் நோட்டை நாம் பார்ப்பதில்லை. மகன் பார்த்துச் சொல்கிறான், தவறாகச் சொல்கிறான், நாம் நம்புகிறோம். கதையின் கட்டுமானமே இந்தத் தவறான வாசிப்பின்மேல் நிற்கிறது. கேமரா நோட்டைக் காட்டினால் பார்வையாளர் தானே படிப்பார். மேலே ‘பற்று’ என்றோ ‘வரவு’ என்றோ தலைப்பு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. நோட்டைக் காட்டாமல் மகனின் முகத்தை மட்டும் காட்டினால், எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முடிவில் ஏமாற்றப்பட்ட உணர்வு வரும்.

இரண்டு வாரம் இந்த ஒன்றுக்கே போனது, போக வேண்டியதும்தான். நோட்டைக் காட்டுவது, அதில் உண்மையும் இருப்பது, ஆனால் மகன் கவனிக்காத விதத்தில் இருப்பது என்று முடிவானது. கடைசிப் பக்கங்களில் தலைப்பு கிடையாது. பெயர், தேதி, 50. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஒரு சின்னக் கையெழுத்து. வாடிக்கையாளர் பாக்கிப் பக்கங்கள் எதிலும் அந்தக் கையெழுத்து இல்லை. பணம் வாங்கியவர்தான் கையெழுத்துப் போடுவார் என்பது வட்டிக் கடை முதல் மகளிர் குழு வரை எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே ஆதாரம் முதல் ஷாட்டிலேயே திரையில் இருக்கிறது. அதற்குப் பொருள் மட்டும் பின்னால் வருகிறது. இந்தக் கையெழுத்து கதையில் இல்லை. குழு சேர்த்த ஒரே புதிய பொருள் இதுதான்.

இதற்குப் பின் அம்மா சொல்லும் ஒரு பக்கப் பின்கதைக்கு வேலை இல்லாமல் போனது. தையல் கடையில் 2,000 ரூபாயைக் கொடுத்ததும் தையல்காரர், நோட்டைத் திருப்பி வைத்து, “எழுதிக் கையெழுத்துப் போட்டுரு தம்பி” என்கிறார். மகன் 132ஆவது பதிவுக்குக் கீழே 2,000 என்று எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறான். பேனா நிற்கிறது. பணம் வாங்கிய தன் கையெழுத்துக்கு நேர்மேலே வரிசையாக இன்னொருவருடைய கையெழுத்து. மகன் எதுவும் கேட்பதில்லை. பணத்தோடு வெளியே வந்துவிடுகிறான். கடன் எவ்வளவு, எதற்காக என்பதைப் படத்தால் காட்ட முடியாது. அதற்கு அம்மாவின் இரண்டு வாக்கியம் போதுமென்று வைத்தார்கள்: “ஒன் காலேஜ் பீசுக்கு அவருகிட்டதான் எட்டாயிரம் வாங்குனாரு. இன்னும் ஆயிரத்து நானூறு நிக்குது.” பின்னோக்குக் காட்சிகள் ஒன்பதும் இதனால் போயின. அப்பா படத்தில் ஒரு ஷாட்டில்கூட வரவில்லை. அவருடைய எழுத்து மட்டும் வருகிறது.

எதை வெட்டினார்கள், எதை ஏன் வைத்தார்கள்

கதையில் மூன்று வசூல்கள் உண்டு: வாத்தியார், பூக்கட்டும் பெண், ஊராட்சியில் வேலை பார்ப்பவர். மூன்றும் அரைப் பக்கம் வீதம், சிரிப்போடு போகும். எழுத்தில் ஒரு புதிய ஆளைக் கொண்டுவர ஒரு வாக்கியம் போதும். திரையில் ஒரு முகம், ஓர் இடம், அவன் உள்ளே வருவது, பேச்சு, வெளியே போவது என்று எவ்வளவு சுருக்கினாலும் ஒரு நிமிடம் ஆகிறது. மூன்றாவது ஆள் வரும்போது பார்வையாளர் இது வசூல் பற்றிய படம் என்று அமைதியாகிவிடுகிறார்.

மூன்றையும் எடுத்துவிடலாம் என்பது இயக்குநரின் எண்ணம். படத்தொகுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்னது சரிதான். சாதாரண பாக்கிப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது காட்டாவிட்டால், கடைசிப் பக்கம் வேறு மாதிரி இருப்பது யாருக்கும் உறைக்காது. பூக்கட்டும் பெண்ணின் காட்சி மட்டும் நின்றது, 55 வினாடி. அவள் பணத்தை எண்ணிக் கொடுக்கிறாள், மகன் அவள் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடிக்கிறான், கையெழுத்து எதுவும் கிடையாது. நோட்டை எப்படிப் படிக்க வேண்டுமென்று பார்வையாளருக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சி இது. வாத்தியார் காட்சிதான் கதையிலேயே சுவையானது. ஆனால் அவர் பாதிப் பணம் கொடுத்து மீதிக்குக் காரணம் சொல்கிறார், பக்கம் அடிக்கப்படுவதில்லை. அதனால் அது போனது.

முடிவில் 31 காட்சி 14 ஆனது.

வாய்ஸ் ஓவர்: 620 சொல்லிலிருந்து 41 சொல்

குழு ஒவ்வொரு வாய்ஸ் ஓவர் வரியையும் டைம்லைனில் ஊமையாக்கிப் பார்த்தது. வரி இல்லாமலே புரிந்தால் வரி வெளியே. நோட்டைப் புரட்டும் ஷாட்டின் மேல் நோட்டைப் புரட்டினேன் என்று சொல்லும் வகை வரிகள் முதல் நாளே போய்விட்டன. அப்பாவின் குணத்தைச் சொல்லும் வரிகள் அடுத்து. கையெழுத்து வந்ததால் அவை தேவையில்லை. கணக்குச் சொல்லும் வரிகள் அம்மாவின் வசனத்துக்குள் போயின.

எஞ்சியவை இரண்டு. தொடக்கத்தில் 33 சொல், மகன் எந்த மனநிலையில் வசூலுக்குக் கிளம்புகிறான் என்பது. அவன் முகத்தைக் காட்டினால் துக்கம் என்று தோன்றும். குரல்தான் அது கோபம் கலந்த கண்டிப்பு என்று சொல்கிறது. இன்னொன்று கதையின் இறுதியில் வரும் எட்டுச் சொல்: “செத்துப்போன மனுஷன கடன்காரனா என்கிட்ட காட்ட அவருக்கு மனசு வரல.”

இந்த எட்டுச் சொல்லை வைத்துத்தான் எழுத்தாளரோடு பேச்சு நடந்தது. எழுத்தாளருக்குக் கடைசிப் பத்தி முழுவதும், 84 சொல், வேண்டும். இயக்குநருக்கு ஒரு சொல்லும் வேண்டாம், தையல் இயந்திரச் சத்தம் போதும். எடுத்து முடித்த பிறகு இரண்டு விதமாகவும் தொகுத்து, புதிய ஆட்கள் ஆறு பேருக்குக் காட்டினார்கள். சொல்லே இல்லாத வடிவத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், தையல்காரர் பயந்து கொடுத்தார் என்றோ, அதிகமாக வாங்கிவிட்டதைத் திருப்பிக் கொடுத்தார் என்றோ புரிந்துகொண்டார்கள். இரண்டாவது புரிதல் கதையையே கவிழ்த்துவிடும். முழுப் பத்தி வைத்த வடிவத்தில் யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் குரல் தொடங்கிய இருபதாம் வினாடியில் எல்லோரும் படம் முடிந்துவிட்டதென்று அசையத் தொடங்கினார்கள். வாய் திறக்காத ஒருவரின் காரணம் படத்தில் பல விதமாகத் தெரியலாம், அவற்றில் ஒன்று தீங்கானது என்றால் அங்கே குரல் வேண்டும் என்று இயக்குநர் ஏற்றுக்கொண்டார். ஒரு வாக்கியம் போதும் என்று எழுத்தாளர் ஏற்றுக்கொண்டார். எந்த வாக்கியம் என்பதை அவரே தேர்ந்தெடுத்தார்.

அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கடைசி ஷாட்டின் மேல் வைத்தால் குரல் முடிவைச் சொல்லிவிடும். மறுநாள் காலை மகன் தெருவில் நடந்து வரும் ஷாட்டுக்கு அதை முன்தள்ளினார்கள். பிறகு தையல் கடை வாசலில் அவன் நிற்கும் ஷாட் 22 வினாடி, இயந்திரச் சத்தம் மட்டும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா

கதை எழுத்துத் தமிழில் இருக்கிறது. படத்தில் மகன் தஞ்சை வட்டாரப் பேச்சில் பேசுகிறான். வாய்ஸ் ஓவரும் அவனுடைய குரல்தான். முதலில் கதையில் உள்ளபடியே, ‘அவருக்கு மனம் வரவில்லை’ என்று வாசித்தார்கள். வானொலிச் செய்தி போல ஒலித்தது, பேசுகிற பையனும் சொல்கிற பையனும் இரண்டு ஆட்களானார்கள். அடுத்து முழுப் பேச்சு நடைக்கு மாற்றியபோது ஆட்கள் ஒன்றானார்கள், ஆனால் எழுத்தாளரின் வாக்கிய ஓட்டம் போய்விட்டது. நடிகர் தன்னையறியாமல் ‘வந்து’, ‘என்னன்னா’ என்று சேர்த்துக்கொண்டார்.

நின்ற வழி இது: சொல் வரிசையையும் சொற்தேர்வையும் எழுத்தாளர் எழுதியபடி விட்டுவிட்டு, சொல்லின் வடிவத்தை மட்டும் பேச்சுக்கு மாற்றுவது. வரவில்லை ‘வரல’ ஆகும், மனிதனை ‘மனுஷன’ ஆகும். எந்தச் சொல்லும் சேராது, இடம் மாறாது. மாற்றிய 41 சொல்லையும் எழுத்தாளருக்கு வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள்.

பதிவில் ஒரு தவறு நடந்தது. நடிகருக்கு முடிவு தெரியும் என்பதால் தொடக்க வரிகளையும் குற்ற உணர்வோடு, தாழ்ந்த குரலில் பேசினார். படம் தொடங்கும்போதே ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. நான்கு நாள் கழித்து, கடையில் சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல வாசிக்கச் சொல்லி மறுபடி பதிந்தார்கள். மைக்கும் வாயும் இருந்த தூரத்தைக் குறித்து வைக்காததால், பழைய பதிவிலிருந்து எடுத்த இறுதி வாக்கியம் வேறு அறையில் பேசியதுபோல ஒலித்தது. கடைசியில் 41 சொல்லையும் ஒரே உட்காரலில் மூன்றாம் முறை பதிய வேண்டியதாயிற்று.

படப்பிடிப்பில் நோட்டு செய்த தொல்லை

முதலில் செய்த நோட்டு பயன்படவில்லை. உதவி இயக்குநர் 132 பதிவுகளையும் ஒரே மாலையில் ஒரே பேனாவால் எழுதியிருந்தார். குளோஸ்-அப்பில் பதினோரு வருடம் தெரியவில்லை, ஒரு மாலைதான் தெரிந்தது. அதோடு ஓரக் கையெழுத்தையும் அவரே போட்டிருந்தார். சோதனையில் பார்த்தவர்கள் அது அப்பா போட்ட சரிபார்ப்புக் குறி என்று நினைத்தார்கள். அந்த ஒரு தவறால் படத்தின் முடிவே புரியாமல் போயிருக்கும்.

இரண்டாவது நோட்டைப் பக்கத்துக்கு 22 பதிவு வீதம் ஆறு பக்கத்தில், நான்கு மாலைகளில், ஆறு பேனாக்களால் எழுதினார்கள். இடையில் சில மாதங்கள் பென்சில். தாளைத் தேநீர் வடிநீரில் நனைத்துக் காயவைத்த பிறகே எழுதினார்கள். எழுதிய பிறகு நனைத்தால் மை ஊறிவிடும். கையெழுத்தை, தையல்காரராக நடித்தவரையே போடச் சொன்னார்கள். அதே கையெழுத்து தையல் கடையில் துணி மூட்டையில் குத்தியிருக்கும் துண்டுச் சீட்டிலும் இருக்கிறது.

கதை நடப்பது 2009 வாக்கில். அந்தக் காலத்து 500 ரூபாய் நோட்டு 2016இல் செல்லாததாகிவிட்டது. ஆகவே 2,000 ரூபாயை இருபது நூறு ரூபாய்த் தாள்களாக்கினார்கள். 2018இல் வந்த ஊதா நிறத் தாள் ஒன்றுகூடக் கலக்காமல் பழைய தாள்களையே சேர்த்தார்கள். தையல்காரர் இருபது தாளை எண்ணிக் கொடுக்கும் நேரம் அந்தக் காட்சிக்கு எதிர்பாராமல் கிடைத்த பலன். எண்ணும் 14 வினாடியை வெட்டவே இல்லை.

விளைவு

படம் 13 நிமிடம் 40 வினாடியில் முடிந்தது. படப்பிடிப்பு மூன்று நாள். கடைசி வடிவத்தைப் பார்த்த ஆறு பேரில் நான்கு பேர், மகன் கையெழுத்துப் போட்டதும் அம்மா பேசும் முன்பே புரிந்துகொண்டார்கள். இரண்டு பேருக்கு அம்மா சொல்லித்தான் புரிந்தது. இருவருமே முதல் முறை நோட்டு வந்தபோது கையெழுத்தைக் கவனிக்கவில்லை. ஷாட் மூன்று வினாடிதான், அதில் விரல் பாதிப் பக்கத்தை மறைத்தது. இதற்காக நோட்டை மட்டும் தனியாக மறுபடி எடுத்து இரண்டு வினாடி சேர்த்தார்கள். வெளிச்சம் சற்று மாறியிருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும்.

எழுத்தாளர் படத்தைப் பார்த்துவிட்டு, வாத்தியார் காட்சி இல்லாதது தனக்கு இன்னும் குறைதான் என்று சொன்னார். கையெழுத்து கதையிலேயே இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுபடி செய்தால் மாறுபவை

படங்களை அடுக்கிப் பார்க்கும் சோதனை திரைக்கதை எழுதி முடித்த பிறகு நடந்தது. இனி முதல் வரைவின் பாதியிலேயே அது நடக்கும். 26 நிமிடத்துக்கு எழுதியதில் பாதி உழைப்பு வீணானது. நோட்டின் குளோஸ்-அப்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையாமல், விரல் மறைக்காமலும் ஒரு முறை, விரலோடும் ஒரு முறை எடுத்து வைப்பார்கள். வாய்ஸ் ஓவரைத் தொகுப்பு முடிந்த பிறகே, ஒரே உட்காரலில் பதிவார்கள். மைக்கின் உயரத்தையும் தூரத்தையும் தாளில் குறிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறும். கடைசிப் பத்தியை மாற்றினால் காட்ட வேண்டும் என்று மட்டும் இருந்தது. கருத்து வேறுபட்டால் யார் முடிவெடுப்பது என்று இல்லை. இந்த முறை இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த ஒப்பந்தத்தில், இரண்டு வடிவமும் தொகுத்துக் காட்டப்படும், எழுத்தாளர் பத்து நாளுக்குள் பதில் சொல்வார், அதன் பிறகு தொகுப்பு பற்றிய முடிவு இயக்குநருடையது என்று எழுதத் தீர்மானித்திருக்கிறார்கள்.